குளத்துத் தட்டான்களுக்கு இணையாசிரியர் தேவை: நான்கு வழிகளில் எது?

இரண்டு ஆண்டுகளில் ஒரு நீள நோட்டு நிறைந்துவிட்டது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு, எங்கள் ஊர்க் குளத்தின் கிழக்குக் கரையில் மதகிலிருந்து ஐயனார் கோயில் வரை நடந்து, கண்ணில் பட்ட தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் நானும் நண்பர் ஒருவரும் குறித்துவைத்த நோட்டு அது. எனக்கு அஞ்சலகத்தில் வேலை. நண்பர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். இதை ஓர் ஆய்விதழுக்குச் சிறு கட்டுரையாக எழுதி அனுப்பலாம் என்று முடிவு செய்த அன்றே ஒன்று தெளிவாகிவிட்டது: எங்கள் இருவரால் மட்டும் இது முடியாது. இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவரை எங்கே தேடுவது என்பதில்தான் நாங்கள் ஐந்து மாதங்களைச் செலவழித்தோம். எங்கள் முன் இருந்தவை நான்கு வழிகள். கூடவே நடக்கும் நண்பர்களிலிருந்தே ஒருவரைச் சேர்த்துக்கொள்வது ஒன்று. இந்தத் துறையில் கட்டுரைகள் வெளியிட்ட ஒருவருக்கு முன்பின் தெரியாமலே கடிதம் எழுதுவது இரண்டாவது. நாங்கள் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், அந்தப் படங்களுக்குப் பெயர் சொல்லும் ஆட்களிடையே தேடுவது மூன்றாவது. இயற்கை ஆர்வலர் கூடும் சந்திப்புகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பது நான்காவது. நான்கையும் முயன்றோம். இரண்டில் தோற்றோம், இரண்டில் பலித்தது. ஆனால் தோற்ற வழிகள் எல்லாருக்கும் தோற்கும் என்று சொல்ல மாட்டேன்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் அதைப் பிந்தித்தான் கேட்டோம். நம்மிடம் என்ன இல்லை? "தட்டான் தெரிந்த ஒருவர் வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தோமே தவிர, எது தெரிந்தவர் என்று யோசிக்கவில்லை. களத்தில் நடக்கத் தெரிந்தவர்கள் நாங்களே இருந்தோம். பெயர்களில் ஐயம் இருந்தது. எண்ணிக்கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு குறைகள், வெவ்வேறு ஆட்கள் தீர்க்க வேண்டியவை. ஒரே ஆளைத் தேடியதால் ஒருவரும் பொருந்தாமல் போனார்கள்.

கூட நடப்பவர்

முதல் வழி எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. எங்களுடன் அவ்வப்போது நடக்கும் இன்னொரு நண்பர், மருந்துக்கடை வைத்திருப்பவர், மிக நல்ல படங்கள் எடுப்பார். அவரையே சேர்த்துக்கொண்டால் என்ன? அவருடைய நேரந்தவறாமை தெரியும், கோபம் தெரியும், வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாரா என்பதும் தெரியும். முன்பின் தெரியாத ஆளிடம் ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதையெல்லாம் இவரிடம் முதல் நாளே கண்டுபிடித்தாயிற்று.

சிக்கல் வேறு இடத்தில். நமக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாது. மூவரும் ஒரே குளத்தை, ஒரே கையேட்டை வைத்துக்கொண்டு, ஒரே தவறோடு பார்ப்போம். நீல நிற ஊசித்தட்டான் ஒன்றை மூவரும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டால், அது தவறு என்று சொல்ல ஆளே இருக்காது. மூவர் ஒப்புக்கொண்டது மூன்று மடங்கு உறுதி போலத் தோன்றும். உண்மையில் அது ஒரே கருத்தின் மூன்று நகல்கள். அதனால் அவரை இணையாசிரியராகச் சேர்க்கவில்லை. படங்களுக்கு நன்றி தெரிவித்தோம். இந்த முடிவை அவரிடம் முதலிலேயே சொன்னது நல்லதாயிற்று. கட்டுரை அச்சான பிறகு சொல்லியிருந்தால் நட்பே போயிருக்கும்.

இந்த வழி சரியாக வரும் சூழல் ஒன்று உண்டு. ஒரு சந்திப்பில் பதினைந்து நிமிடம் சேர்ந்து பேச வேண்டும் என்றால், கூட நடப்பவரை விடச் சிறந்த துணை கிடைப்பது கடினம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்பின் தெரியாதவருக்குக் கடிதம்

இரண்டாவது வழியில் நாங்கள் அடைந்தது முழுத் தோல்வி, அதற்குக் காரணம் நாங்கள்தான். தட்டான்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிய நான்கு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். மூவரிடமிருந்து பதில் இல்லை. ஒருவர் "வாழ்த்துகள், தொடருங்கள்" என்று எழுதினார். இப்போது அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தால் எனக்கே கூசுகிறது. முதல் பத்தி முழுக்க எங்கள் ஆர்வம். இரண்டாவது பத்தி முழுக்க அவர் பெருமை. கடைசி வரியில் "தாங்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்." எதில் வழிகாட்ட வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. பதில் எழுத வேண்டுமென்றாலும் எதற்கு எழுதுவது?

தெரியாதவருக்கு எழுதி இணையாசிரியரைப் பெற்ற கதைகளில் நம்மூரில் மிகப் பெரியது இராமானுஜனுடையது. சென்னைத் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்தபடி 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை மேதைமையின் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. ஹார்டியின் நூலொன்றைப் படித்ததாகச் சொல்லி, அதன் 36ஆம் பக்கத்தைக் குறிப்பிடுகிறார். கொடுக்கப்பட்ட ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதற்குத் திட்டவட்டமான கோவை இதுவரை கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது என்பதுதான் கடிதத்தின் கரு. பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். பகா எண்களைப் பற்றிய அவருடைய அந்தக் கூற்று தவறு என்று பின்னர் தெரிந்தது, அது வேறு விஷயம். அவர் உதவி கேட்பதற்கு முன், உங்கள் கேள்வியும் என் கேள்வியும் ஒன்று என்று பக்க எண்ணோடு காட்டிவிட்டார். ஹார்டிக்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இருவருக்கும் எழுதி ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நல்ல கடிதத்துக்கும் மூன்றாவது வாசலில்தான் கதவு திறந்தது.

ஆகவே இந்த வழியை எடுப்பவர் அந்த ஆளுடைய கட்டுரை ஒன்றில், "இதற்குக் கூடுதல் பதிவுகள் தேவை" என்றோ "இந்தப் பகுதியிலிருந்து தகவல் இல்லை" என்றோ எழுதியிருக்கும் வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான களக் கட்டுரைகளில் கடைசிப் பகுதியில் அப்படி ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு நம் நோட்டு பதில் சொல்கிறது என்றால் எழுதலாம். மூன்று படங்கள், ஒரு சிறு அட்டவணை, கேட்பது ஒரே ஒரு காரியம். அப்படி வரி எதுவும் அகப்படவில்லை என்றால் இந்த வழி வேண்டாம். அவருடைய ஆர்வமும் நம் ஆர்வமும் "தட்டான்" என்ற சொல்லில் மட்டும்தான் சந்திக்கின்றன என்று பொருள்.

இதில் இன்னொரு குறையும் இருக்கிறது. கடிதத்தில் நமக்குத் தெரிவது அந்த ஆளுடைய வெளியான கட்டுரைகள் மட்டுமே. அவை பலமுறை திருத்தப்பட்டு மெருகேறி வந்தவை. தவறு சுட்டிக்காட்டப்பட்டால் அவர் என்ன செய்வார், ஒரு கேள்விக்கு எத்தனை நாளில் பதில் சொல்வார் என்பது அவற்றில் தெரியாது.

படத்துக்குப் பெயர் சொல்பவர்

மூன்றாவது வழியில் தெரிவது அதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐநேச்சுரலிஸ்டில் நாம் ஒரு படத்தை இடம், நேரத்தோடு பதிவேற்றுகிறோம். யார் வேண்டுமானாலும் அதற்குப் பெயர் சொல்லலாம். குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் உடன்பட்டால் பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது. தேடல் பக்கத்தில் ஊரையும் உயிரினப் பிரிவையும் கொடுத்து Identifiers என்ற தாவலைத் திறந்தால், அந்தப் பகுதியின் தட்டான்களுக்கு அதிகம் பெயர் சொன்னவர்களின் பட்டியல் வரும். இணையாசிரியர் தேடுபவருக்கு இது கிட்டத்தட்ட ஆயத்தமான பட்டியல்.

கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன். பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் பல நேரங்களில் வெறுமனே உடன்படும் பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறவராக இருக்கலாம். எண்ணிக்கை உயரும், அறிவு உயராது. அதனால் பட்டியலை விட்டுவிட்டு அந்த ஆள் பெயர் சொன்ன பதிவுகளை ஓர் ஐம்பதாவது திறந்து பார்க்க வேண்டும். நான் அப்படிப் பார்க்கும்போது இரண்டு அடையாளங்களைத் தேடினேன். காரணம் எழுதுகிறாரா என்பது ஒன்று. தான் சொன்னதைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்பது இன்னொன்று. அந்தத் தளத்தில் ஒருவர் தன் கருத்தை விலக்கிக்கொண்டால் பழைய பெயர் மறைந்துவிடாது, குறுக்கே கோடு போட்ட நிலையில் அங்கேயே நிற்கும். ஒருவருடைய ஐம்பது பதிவுகளில் அப்படி ஒரு கோடுகூட இல்லை என்றால் அவர் ஒருபோதும் தவறாதவராக இருக்க வேண்டும், அல்லது ஒப்புக்கொள்ளாதவராக இருக்க வேண்டும். முதல் வகை ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

எங்களுக்குக் கிடைத்தவர் எங்களை மறுத்ததன் மூலம்தான் கிடைத்தார். ஆகாயத் தாமரைக்கிடையே உட்கார்ந்திருந்த நீலமும் கறுப்புமான ஓர் ஆண் ஊசித்தட்டானின் படம் அது. நாங்கள் அதைச் சூடாக்ரியான் மைக்ரோசெஃபாலம் என்று பதிந்திருந்தோம். இன்னொருவரும் உடன்பட்டு ஆய்வுத் தரம் பெற்றுவிட்டது. எட்டு மாதம் கழித்து ஒருவர் வந்து, இனப்பெயரை ஏற்காமல் சூடாக்ரியான் என்ற பேரினத்தோடு நிறுத்தினார். பதிவு ஆய்வுத் தரத்தை இழந்தது. எனக்குச் சுருக்கென்றது. கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இதோடு ஆஸ்ட்ரலேசியே என்ற இனத்தைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆணின் வால் நுனியிலுள்ள கொடுக்குகள் பக்கவாட்டில் தெரியும் படம் இருக்கிறதா? இந்தப் படத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது."

தேடிப் பார்த்தோம். அதே நாளில் எடுத்த இன்னொரு படத்தில் வால் நுனி இருந்தது, ஆனால் மங்கல். அடுத்த ஞாயிறு பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சைக் கேமராவின் முன் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்த ஒரு படத்தில் கொடுக்குகள் தெரிந்தன. நாங்கள் சொன்ன பெயர்தான் சரி என்று இரண்டு நாளில் எழுதினார். கூடவே, "அன்றைய படத்திலிருந்த பூச்சி எது என்பது இன்னும் தெரியாது. அதைப் பேரினத்தோடு விட்டுவிடுங்கள்" என்றும் எழுதினார்.

இந்தக் கடைசி வரிக்காகவே அவரைக் கேட்கலாம் என்று நானும் நண்பரும் ஒரே குரலில் சொன்னோம். எங்கள் பக்கம் சரி என்று ஆனபோதும், தெரியாததைத் தெரியாது என்றே வைத்திருக்கச் சொல்பவர் அவர். இனப் பட்டியல் கட்டுரையில் இப்படிப்பட்டவர் இருந்தால் பட்டியல் குட்டையாகும். எங்கள் பட்டியலிலிருந்து நான்கு பெயர்கள் போயின. வலித்தது, ஆனால் அந்த நான்கையும் மதிப்புரையாளர் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை.

உடனே இணையாசிரியராகுங்கள் என்று கேட்கவில்லை. ஐயமான முப்பது படங்களை மட்டும் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டோம். மூன்று வாரத்தில் முடிப்பதாகச் சொன்னார், மூன்றரை வாரத்தில் முடித்தார். தாமதமாகும் என்று இரண்டாவது வாரமே சொல்லிவிட்டார். சிறு வேலையில் ஒருவர் எப்படியோ பெரு வேலையிலும் அப்படித்தான். அதன் பிறகுதான் கட்டுரை பற்றிப் பேசினோம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிவது பெயர் சொல்லும் திறன் மட்டும். அவருக்கு எழுத வருமா என்று தெரியாது. இவருக்கு வரவில்லை, பத்தி எழுதச் சொன்னால் தந்தி அனுப்புவார். இன்னொன்று, இப்படிக் கிடைப்பவர்கள் படத்தால் தீராத ஐயம் வரும்போது மாதிரி பிடித்து அனுப்பச் சொல்லக்கூடும். ஊர்ப் பொதுக் குளம் வேறு, காப்புக்காடு வேறு. வனப்பகுதிக்குள் ஆய்வுக்கோ மாதிரி எடுக்கவோ வனத்துறை அனுமதி வேண்டும், அது இல்லாமல் எடுத்த தகவலை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை. அனுமதி எண் கேட்பார்கள். அதை முதலிலேயே பேசிவிட வேண்டும். கடைசியாக, அதே தளத்தில் பிறர் எடுத்த படங்களை நம் கட்டுரையில் பயன்படுத்துவதாக இருந்தால் படமெடுத்தவரின் உரிம நிபந்தனையைப் பார்க்க வேண்டும். அந்த நிபந்தனைப்படி படம் தந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், ஆனால் அதனால் அவர் இணையாசிரியர் ஆகிவிட மாட்டார்.

நேரில் சந்தித்தவர்

பெயர்ச் சிக்கல் தீர்ந்ததும் கட்டுரை முடிந்துவிட்டது என்று நினைத்தோம். எங்கள் முக்கிய முடிவு இதுதான்: வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்த பின், ஜனவரியில் தட்டான் இனங்களின் எண்ணிக்கை கூடுகிறது. இரண்டு ஆண்டும் அப்படியே இருந்தது. வரைபடத்தில் கோடு அழகாக ஏறி இறங்கியது.

அந்தச் சமயத்தில் பறவை ஆர்வலர் சந்திப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். தட்டானுக்கு ஆள் தேடிப் பறவைக்காரர்களிடம் போவானேன் என்று நண்பர் வரவில்லை. மதிய உணவு வரிசையில் என் பின்னால் நின்றவர் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவர். பல ஆண்டுகளாகப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பங்கெடுப்பவர். தட்டான்களில் அவருக்கு எந்த ஆர்வமும் இல்லை, அதை ஒளிக்கவும் இல்லை. சாம்பார் சாதத் தட்டோடு நின்றபடி அந்த வரைபடத்தை என் கைப்பேசியில் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஜனவரியில் நடந்தது எத்தனை பேர்?"

எங்களுக்குத் தெரியவில்லை. நோட்டில் தேதி, நேரம், வானிலை, இனங்கள் இருந்தன, ஆட்கள் இல்லை. பறவை பார்ப்பவர்கள் ஈபேர்டு தளத்தில் நடந்தபடி எடுக்கும் பட்டியலுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்று குறித்தே ஆக வேண்டும், கண்ட எல்லா இனங்களையும் பதிந்தீர்களா என்றும் அந்தத் தளம் கேட்கும் என்று விளக்கினார். கண்கள் கூடினால் பட்டியல் நீளும். அது குளத்தின் குணமா, கண்களின் எண்ணிக்கையா என்று பிரித்தறிய முயற்சியின் அளவு தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஓரங்களில் என் கையெழுத்தில் தேநீர்க் கடைக் கணக்கு இருந்தது. நடந்து முடித்ததும் கோயிலருகே உள்ள கடையில் குடிப்பதை நான் குறித்துவைப்பது வழக்கம், மாதக் கடைசியில் நண்பரோடு பங்கு பிரிக்க. பெரும்பாலான நாள்களில் "டீ 2". ஜனவரி ஞாயிறுகள் சிலவற்றில் "டீ 8, வடை 6". பொங்கல் விடுமுறையில் நண்பரின் மாணவர்கள் ஆறு பேர் எங்களோடு நடந்திருக்கிறார்கள்! பதினான்கு வயதுப் பையன்களின் கண்கள். ஆகாயத் தாமரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் நகமளவுப் பூச்சியை நாங்கள் இருவரும் பத்து நடையில் ஒருமுறைதான் பார்ப்போம்.

இருவர் மட்டும் நடந்த நாள்களைத் தனியாக எடுத்துப் போட்டபோது ஜனவரி மேடு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. முற்றாகப் போகவில்லை, ஏதோ இருக்கிறது. ஆனால் "கூடுகிறது" என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. கட்டுரையின் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் புள்ளியியல்காரர்தான் எங்கள் நான்காவது வழியில் கிடைத்தவர். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தது உயிரினம் அன்று, கேள்வி. ஓர் இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதியதிலிருந்து எதை நம்பலாம் என்பதே அந்தக் கேள்வி. தட்டான் ஆர்வலர்கள் மட்டும் கூடும் இடத்திலேயே தேடியிருந்தால் இவர் கிடைத்திருக்க மாட்டார். ஒத்த ஆர்வம் என்பதை ஒத்த உயிரினம் என்று குறுக்கிப் பார்த்தது எங்கள் பிழை.

ஆனாலும் இந்த வழியை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். நேர் சந்திப்பில் நன்றாகப் பேசுகிறவர்கள் முன்னால் தெரிவார்கள். அதே சந்திப்பில் இன்னொருவர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் திட்டங்கள் போட்டார். மாவட்டம் முழுக்கக் குளங்கள், வரைபடம், நூல். என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு முறை அழைத்தேன். மூன்றாவது முறை அழைக்கவில்லை. அவரிடம் என் கேள்வியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை என்பதை அன்றே கவனித்திருக்கலாம். வரிசையில் நின்றவர் கேட்ட நான்கு சொற்களுக்குள் இருந்தது இவருடைய ஒரு மணி நேரத்தில் இல்லை.

சேர்ந்த பிறகு

ஆக எங்கள் கட்டுரைக்கு நால்வர். பெயர் வரிசையை எழுதத் தொடங்கும் முன் முடிவு செய்தோம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை உயிரியல் இதழ்களிலும் பலர் அளவுகோலாகக் கொள்கிறார்கள்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், வெளியானதற்குப் பொறுப்பு. நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். நேர்மாறான உதாரணமும் உண்டு. ஹார்டியும் லிட்டில்வுட்டும் தங்களுக்குள் வைத்திருந்ததாகக் கணிதவியலாளர் ஹரால்ட் போர் சொன்ன விதிகளில் ஒன்று, ஒருவர் கட்டுரைக்கு எதுவுமே செய்யாவிட்டாலும் இருவர் பெயரிலும் வெளியாகலாம் என்பது. பல்லாண்டு சேர்ந்து எழுதிய இருவருக்கு அது சரி. குளக்கரையில் புதிதாகச் சந்தித்த நால்வருக்குச் சரிப்படாது.

நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டதில் உண்மையில் பயன்பட்டவை இரண்டு வரிகள். ஒருவரிடமிருந்து ஆறு வாரம் பதில் இல்லை என்றால் மற்றவர்கள் மேலே போகலாம், அவர் பெயர் நன்றியுரைக்கு மாறும் என்பது ஒன்று. ஓர் இனத்தின் பெயரில் உடன்பாடு வரவில்லை என்றால் அது பேரினத்தோடு நிற்கும், வாக்கெடுப்பு கிடையாது என்பது மற்றொன்று. முதல் வரியைப் பயன்படுத்த நேரவில்லை. இரண்டாவதை மூன்று முறை பயன்படுத்தினோம், ஒவ்வொரு முறையும் ஒரு வாரச் சண்டை மிச்சம்.

சேர்ந்து பேசுவதற்கான துணை தேடுவது வேறு கணக்கு என்று சொன்னேன் அல்லவா? இதே வேலையை ஒரு சந்திப்பில் பதினைந்து நிமிடம் பேச அழைத்தார்கள். பெயர் சொல்பவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். புள்ளியியல்காரர் சரளமாகப் பேசுவார், ஆனால் தட்டானைப் பற்றி யாராவது கேட்டால் திணறுவார். கடைசியில் மருந்துக்கடை நண்பரும் நானும் பேசினோம். படங்கள் அவருடையவை, அவை எங்கே எப்படி எடுக்கப்பட்டன என்று அவருக்குத்தான் தெரியும். மேடையில் தேவைப்படுவது இரண்டு முறையாவது சேர்ந்து உரக்கப் பேசிப் பார்க்கப் பக்கத்தில் இருக்கும் ஆள், யார் எந்தப் படத்தில் பேச்சை விடுகிறார் என்று கண்ணசைவில் தெரியும் ஆள். முதல் ஒத்திகையில் இருபத்திரண்டு நிமிடம் ஆனது. எட்டுப் படங்களை நீக்கினோம். அதை அவர் தானாகவே செய்தார், தொலைதூர இணையாசிரியரிடம் அப்படிக் கேட்டிருக்கவே முடியாது.

கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரி நீண்ட நாள் இழுபறியில் இருந்தது. நடந்தவர்களின் எண்ணிக்கை தேநீர்க் கடைக் கணக்கிலிருந்து பெறப்பட்டது என்ற வரி. பெயர் சொல்பவர் அதை எடுத்துவிடச் சொன்னார், இதழில் சிரிப்பார்கள் என்றார். புள்ளியியல்காரர் அது இருக்கத்தான் வேண்டும் என்றார், எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று. நண்பர் எனக்கு மட்டும் கேட்கும்படி, வடை ஆறு, டீ எட்டு என்றால் இருவர் வடை சாப்பிடவில்லை, அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டார். வரி நின்றது. வடையை விட்டுவிட்டோம்.